12 மணி நேர வீடியோவை ஒரு மணி நேரத்தில் படிக்க வைப்பது: வாசல் கேமராவுக்கான வழிகாட்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் யாரும் அதைக் கொள்முதல் நிலையம் என்று சொல்வதில்லை. 'ரேம்ப்' என்றால்தான் தெரியும். சென்ற ஆண்டு எங்கள் தவுக்கே வாசலில் ஒரு கேமரா பொருத்தினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை லோரி வந்தது, என்னென்ன நம்பர் என்று கணினியே சொல்லாதா?" என்று கேட்டுவிட்டார்.

சொல்லும் என்றேன். படத்தில் என்ன பொருள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும், இலவசமாகக் கிடைக்கும் யோலோ வகை மாடல் ஒன்றை அலுவலகக் கணினியில் நிறுவி, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையிலான பதிவை அப்படியே கொடுத்தேன். மறுநாள் காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் வரை ஓடி முடித்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது வியப்பில்லை என்று புரிந்தது. வீடியோ என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்கள்; ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். எங்கள் கேமரா விநாடிக்கு 25 பிரேம் எடுக்கிறது. 12 மணி நேரத்துக்கு 10,80,000 பிரேம். எங்கள் பழைய கணினி ஒரு பிரேமைப் பார்க்கப் பத்தில் ஒரு விநாடி எடுத்தது. மொத்தம் 30 மணி நேரம். ஒரு நாள் பதிவைப் படிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகிறது என்றால் அந்த வேலை என்றைக்கும் முடியாது.

இப்போது அதே 12 மணி நேரப் பதிவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிகிறது. கணினியை மாற்றவில்லை, மாடலையும் மாற்றவில்லை. எந்தப் பிரேமை, எந்த அளவில் கொடுப்பது என்பதை மட்டும் மாற்றினேன். அதை எப்படி முடிவு செய்வது என்று, இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குச் சொல்லும் விதத்தில் எழுதுகிறேன்.

கேள்வியை முதலில் எழுதிவையுங்கள்

"எத்தனை பிரேம் போதும்?" என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "எதைத் தெரிந்துகொள்ள?" என்று திருப்பிக் கேட்பேன். எங்கள் வாசல் வீடியோவிடமே மூன்று கேள்விகள் கேட்கலாம். மூன்றுக்கும் தேவை வேறு.

வரிசையில் எத்தனை லோரி காத்திருக்கிறது என்பது முதல் கேள்வி. காத்திருக்கும் லோரி சில நிமிடங்களாவது அசையாமல் நிற்கும். நிமிடத்துக்கு ஒரு படம் போதும். நாளுக்கு 720 படம். படம் சிறியதாக இருந்தாலும் லோரி லோரியாகவே தெரியும். இதற்கு மேல் இந்தக் கேள்வியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, வாசலைத் தாண்டி எத்தனை லோரி உள்ளே வந்தது என்பது. இங்கே பொருள் நகர்கிறது. அது கேமராவின் பார்வைக்குள் இருக்கும் சில விநாடிகளுக்குள் அதைப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, லோரியின் எண்ணைப் படிப்பது. இதற்குப் படமும் பெரிதாக வேண்டும், சரியான கணமும் வேண்டும்.

நான் செய்த தவறு, மூன்று கேள்விகளுக்கும் ஒரே தீனியைப் போட்டது. மிகக் கடினமான கேள்விக்குத் தேவையான அளவை நாள் முழுவதற்கும் கொடுத்துவிட்டேன்.

நேரத்தை அளப்பது

ஒரு நாள் வாசலுக்குப் போய், கேமராவின் பார்வை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துச் சாலையோரத்தில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டேன். இடைவெளி 20 மீட்டர். வாசலுக்கு முன்னால் வேகத்தடை இருப்பதால் லோரிகள் மணிக்கு 15 கிலோமீட்டர் போலத்தான் வரும். அதாவது விநாடிக்கு 4.2 மீட்டர். ஆக ஒரு லோரி பார்வைக்குள் இருப்பது ஏறத்தாழ 4.8 விநாடி. கைத்தொலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துப் பத்து லோரியை அளந்தபோதும் அதே கணக்கு வந்தது. அளக்கும்போது சராசரியை மட்டும் குறிக்காதீர்கள். மிக வேகமாக வந்த லோரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தவறிப்போவது அதுதான்.

இனி கணக்கு எளிது. விநாடிக்கு ஒரு பிரேம் எடுத்தால் ஒரு லோரி நான்கு அல்லது ஐந்து பிரேமில் விழும். மூன்று விநாடிக்கு ஒன்று எடுத்தால் ஒன்றிலோ இரண்டிலோ விழும். ஒரே பிரேமில் தெரிந்ததை நம்பக் கூடாது. மழைநீர் தேங்கிய சாலையில் விழும் நிழலைக்கூட மாடல் சில நேரம் லோரி என்று சொல்லிவிடும். அதனால் அடுத்தடுத்து இரண்டு பிரேமில் தெரிந்தால்தான் லோரி என்று விதி வைத்திருக்கிறேன். அந்த விதியோடு மூன்று விநாடிக்கு ஒரு பிரேம் என்றால் பத்தில் நான்கு லோரி காணாமல் போகும். விநாடிக்கு ஒன்று என்றால் ஒன்றும் போகாது.

எண்ணைப் படிப்பது வேறு கதை. எண் பட்டை படிக்கும்படி தெரிவது வாசலுக்கு முன்னாலுள்ள ஐந்து மீட்டரில் மட்டுமே. அதற்கு முன்னால் சிறிதாகத் தெரிகிறது. அதைத் தாண்டினால் கேமராவுக்கு நேர் கீழே போய்விடுகிறது. ஐந்து மீட்டரைக் கடக்க 1.2 விநாடி. விநாடிக்கு ஒரு பிரேம் என்றால் ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். அந்த நேரம் பார்த்து லோரி வேகத்தடையில் குலுங்கினால் அதுவும் போச்சு. விநாடிக்கு ஐந்து என்றால் ஆறு வாய்ப்பு. ஆறிலும் படித்து, ஒவ்வோர் இடத்திலும் அதிக முறை வந்த எழுத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு லோரிக்கு எண் பகுதி இப்படி வந்தது: `3B17`, `3817`, `3811`, `3817`, `3817`, ஆறாவது படிக்கவே முடியவில்லை. பெரும்பான்மைப்படி 3817. எடைச் சீட்டிலும் அதுவே இருந்தது. நம் மலேசியப் பதிவெண் முறையும் கைகொடுக்கிறது. எழுத்துகளுக்குப் பிறகு எண்கள் வரும் வழக்கமான அமைப்பில், எண் இருக்க வேண்டிய இடத்தில் `B` வந்தால் அது 8 என்று திருத்திக்கொள்ளலாம். வழக்கமான பதிவெண்களில் ஐ, ஓ என்ற ஆங்கில எழுத்துகள் இல்லை. எனவே `O` என்று வந்தால் அது சுழியம்தான்.

அப்படியானால் விநாடிக்கு 25 பிரேமும் எடுத்து முப்பது வாய்ப்பு வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன். ஒன்றும் கூடவில்லை. 25இல் ஒரு விநாடி இடைவெளியில் லோரி 17 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஒரு பிரேமில் எண் பட்டைமேல் கிளையின் நிழல் விழுந்திருந்தால் அடுத்த மூன்றிலும் விழுந்திருக்கும். ஒரே ஆளிடம் ஐந்து முறை கேட்டு ஐந்து சாட்சி என்று எண்ணுவது போன்றது அது.

பிக்சலை அளப்பது

அடுத்தது படத்தின் அளவு. கேமராப் பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்து மயங்காமல், படிக்க வேண்டிய பொருள் படத்தில் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். வீடியோவை வாசலருகே லோரி இருக்கும் கணத்தில் நிறுத்தி, அந்தப் படத்தைச் சேமித்து, சாதாரணப் பட மென்பொருளில் பெரிதாக்கி, எண்ணின் தலையிலிருந்து அடி வரை எத்தனை கட்டம் என்று பார்த்தால் போதும்.

எங்கள் படம் 1920 பிக்சல் அகலம். எண் தெரியும் இடத்தில் அந்த அகலத்துக்குள் 6 மீட்டர் சாலை அடங்குகிறது. ஆக மீட்டருக்கு 320 பிக்சல். அளவு நாடாவால் அளந்தபோது பட்டையில் எழுத்தின் உயரம் 7 சென்டிமீட்டர் இருந்தது. படத்தில் அது 22 பிக்சல். என் அனுபவத்தில் எழுத்து 20 பிக்சலுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 15 என்றால் வெயிலில் படிக்கும், மழையில் தடுமாறும். 10க்குக் கீழே போனால் 3, 8, 9 எல்லாம் ஒன்றுதான்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறும் இடம் வருகிறது. நீங்கள் 1920 பிக்சல் படத்தைக் கொடுத்தாலும் மாடல் அதை அப்படியே பார்ப்பதில்லை. யோலோ வகை மாடல்களில் `imgsz` என்ற ஓர் அமைப்பு உண்டு; நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமாக 640 என்றுதான் இருக்கும். அதாவது 1920 அகலம் 640 ஆகச் சுருங்குகிறது. 22 பிக்சல் எழுத்து ஏழரைப் பிக்சல் ஆகிவிடுகிறது. "நல்ல கேமராதானே வாங்கினோம், ஏன் படிக்கவில்லை?" என்று நான் இரண்டு நாள் கேமராவைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி அந்த 640.

உடனே `imgsz` ஐ 1920 ஆக்கலாம் என்று தோன்றும். அகலமும் உயரமும் மும்மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. நேரமும் ஏறக்குறைய அப்படியே ஏறும். பத்தில் ஒரு விநாடி வேலை கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். அந்தச் செலவில் பெரும்பகுதி சாலையையும் வேலியையும் செம்பனை மரத்தையும் உற்றுப் பார்ப்பதிலேயே போய்விடும்.

செய்ய வேண்டியது இரண்டு படி. லோரி எங்கே, எண் பட்டை எங்கே என்று கண்டுபிடிப்பதைச் சுருக்கிய 640 படத்தில் செய்யுங்கள். பட்டையின் அகலம் அதில் ஐம்பது பிக்சல் போல இருக்கும். இடத்தைக் காட்ட அது போதும், படிக்கத்தான் போதாது. இடம் தெரிந்ததும், அந்த இடத்தை மூலப் படமான 1920இலிருந்து வெட்டி எடுத்து, எழுத்துப் படிக்கும் மாடலுக்கு அந்தத் துண்டை மட்டும் கொடுங்கள். அதில் எழுத்து 22 பிக்சலாகவே இருக்கும். 640 படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கினால் பயனில்லை. ஏழு பிக்சலை இருபதாக இழுத்தால் மங்கல் பெரிதாகுமே தவிர, இல்லாத கோடு வராது.

பணம் கட்டிப் பயன்படுத்தும் இணையச் சேவையிடம் வீடியோவைக் கொடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கணினி நேரத்துக்குப் பதிலாக ரிங்கிட் போகும். படங்களின் எண்ணிக்கையையும் பரப்பையும் வைத்துத்தான் பெரும்பாலும் கட்டணம். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் விநாடிக்கு ஒரு பிரேம் மட்டுமே எடுத்துக்கொள்ளும் சேவைகளும் உண்டு, பெரிய படத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்பவையும் உண்டு. அந்த இரண்டையும் பயன்பாட்டுக் குறிப்பில் தேடிப் பார்த்த பிறகு அனுப்புங்கள். இல்லையென்றால் 1.2 விநாடியில் நடப்பதைக் காணவில்லை என்று அதன்மேல் பழிபோடுவீர்கள்.

மூலப் பதிவு சரியா?

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் எண் படிக்காமல் போக மூன்று காரணம் கண்டேன்.

முதலாவது ஷட்டர். விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதும், ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதும் வேறு வேறு. எங்கள் கேமரா தானாக 50இல் ஒரு விநாடி என்று வைத்திருந்தது. அந்த நேரத்தில் லோரி 8 சென்டிமீட்டர் முன்னேறிவிடும். அது கேமராவை நோக்கி வருவதால் படத்தில் தெரியும் நகர்வு அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அது 9 பிக்சல். எழுத்தின் கோட்டுத் தடிமனோ 3 பிக்சல். கோடு தன்னைவிட மும்மடங்கு தூரம் இழுபட்டால் எழுத்து எங்கே தெரியும்? ஷட்டரை 500இல் ஒரு விநாடி என்று கையால் வைத்ததும் இழுபடுவது ஒரு பிக்சலுக்குள் வந்தது. படம் சற்று இருண்டது. பகல் வேலைக்கு அது பரவாயில்லை. மாலை மழையில் மட்டும் 250இல் ஒன்றுக்கு மாற்றுகிறேன். மங்கலை பிரேம் எண்ணிக்கையைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. மங்கிய படம் 25 இருந்தாலும் மங்கியதுதான்.

இரண்டாவது, பதிவுப் பெட்டி தரும் இரண்டு ஓடைகள். பெரும்பாலான பெட்டிகள் முழு அளவில் ஒன்றும், கைத்தொலைபேசியில் பார்க்கச் சிறியதாக ஒன்றும் வைத்திருக்கும். எங்கள் கேமராக்காரப் பையன் ஒரு முறை சிறியதை எடுத்துக்கொடுத்துவிட்டான். இன்னொரு முறை சரியான கோப்பையே குறுஞ்செய்திச் செயலி வழியாக அனுப்பினான். அது வழியிலேயே நசுக்கிவிட்டது. அகலம் 1920 என்றே இருந்தாலும் எழுத்தைச் சுற்றி சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிந்தால் அளவுக்கு மேல் அமுக்கிய பதிவு என்று பொருள். பென்டிரைவில் வாங்குங்கள்.

மூன்றாவது, பிரேம் இடைவெளி ஒரே சீராக இல்லாதது. வெளிச்சம் குறைந்தால் சில கேமராக்கள் தாமாகவே பிரேமைக் குறைத்துவிடும். கைத்தொலைபேசி வீடியோவிலும் இது சகஜம். கோப்பு கையில் வந்ததும், `ffmpeg` என்ற இலவச வீடியோ மென்பொருளோடு வரும் `ffprobe` கட்டளையை இப்படி ஓட்டிப் பாருங்கள். `pintu.mp4` என்பது எங்கள் வாசல் பதிவு:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 pintu.mp4
```

கடைசி இரண்டு வரியும் `25/1` என்றால் நிம்மதி. ஒன்றில் 25ம் மற்றொன்றில் 17 போல ஏதோ ஒன்றும் இருந்தால் இடையில் பிரேம்கள் விழுந்திருக்கின்றன. அப்போது "இது 5000ஆவது பிரேம், ஆகவே 200ஆவது விநாடி" என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு மழை நாளில் நான் அப்படிப் போட்டு, எடைச் சீட்டின் நேரத்தோடு பதினோரு நிமிடம் வித்தியாசம் வந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். பிரேம் எண்ணை நம்பாமல், கோப்பில் பதிந்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சுற்று

நாளொன்றுக்கு எங்களுக்கு அறுபது லோரி போல வரும். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி பார்வையில் இருந்தால் மொத்தம் ஐந்து நிமிடம். 12 மணி நேரத்தில் மீதி எல்லாம் வெறும் சாலை, நாய், மோட்டார் சைக்கிள். ஆகவே முதல் சுற்றில் "எந்த நேரத்தில் ஏதோ வந்தது" என்று மட்டும் மேலோட்டமாகப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் அந்த நேரங்களை மட்டும் நெருக்கமாகப் பாருங்கள்.

முதல் சுற்றுக்கு விநாடிக்கு ஒரு பிரேம் போதும் என்று மேலே கண்டோம். `pass1` என்ற கோப்புறையை முதலில் உண்டாக்கிவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
ffmpeg -i pintu.mp4 -vf "fps=1,scale=640:-2" -q:v 3 pass1/%06d.jpg
```

இதில் 43,200 படம் வரும். மாடலுக்கு 72 நிமிட வேலை. ஆனால் இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. விநாடிக்கு ஒரு பிரேம்தான் வேண்டும் என்று கேட்டாலும் `ffmpeg` 25 பிரேமையும் விரித்துப் பார்த்துவிட்டு 24ஐத் தூக்கி எறிகிறது. அமுக்கப்பட்ட வீடியோவில் பெரும்பாலான பிரேம்கள் முந்தைய பிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்கின்றன. முந்தையதை விரிக்காமல் அதை விரிக்க முடியாது. எதையும் சாராமல் முழுப்படமாக நிற்பவை சில மட்டுமே. அவற்றை முதன்மைப் பிரேம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மட்டும் விரிக்கச் சொன்னால் வேலை பறக்கும்:

```
ffmpeg -skip_frame nokey -i pintu.mp4 -fps_mode passthrough -vf scale=640:-2 -q:v 3 pass1/%06d.jpg
```

எங்கள் கேமராவில் 50 பிரேமுக்கு ஒரு முதன்மைப் பிரேம் வருகிறது. அதாவது இரண்டு விநாடிக்கு ஒன்று. லோரி 4.8 விநாடி தெரிவதால் இரண்டு பிரேமிலாவது விழும். என் விதிக்கு அது பொருந்துகிறது. ஒரு நாளுக்கு 21,600 படம், 36 நிமிடம். ஆனால் அதைவிட வேகமாக ஒரு லோரி வந்தால் நழுவலாம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேகத்தடை இல்லாத வாசலில் நான் இதைச் செய்யமாட்டேன். கேமராவில் சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் 'ஸ்மார்ட்' அமைப்பு இயங்கினால், அசைவில்லாத நேரத்தில் முதன்மைப் பிரேம்களின் இடைவெளி இன்னும் நீண்டுவிடும்; அந்த அமைப்பை முதலில் அணையுங்கள். அவை உண்மையில் எந்த நேரத்தில் விழுகின்றன என்று இப்படிப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -skip_frame nokey -show_entries frame=pts_time -of csv=p=0 pintu.mp4
```

விநாடிக் கணக்கில் ஒரு பட்டியல் வரும். முதல் வரி முதல் படத்தின் நேரம், இரண்டாவது வரி இரண்டாவது படத்தின் நேரம். அந்த நேரப் பட்டியலைப் பிறகு பயன்படுத்தச் சேமித்துக்கொள்ளுங்கள்.

லோரி தெரிந்த நேரம் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சேர்த்துப் பத்து விநாடித் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் `ev` போலத் தனிக் கோப்புறை உண்டாக்கி, அதை முழு அளவில், விநாடிக்கு ஐந்து பிரேம் என்று எடுங்கள். `-ss` க்குப் பின்னால் வருவது கடிகார நேரம் அல்ல, பதிவு தொடங்கியதிலிருந்து எண்ணிய நேரம்:

```
ffmpeg -ss 06:41:20 -i pintu.mp4 -t 10 -vf fps=5 -q:v 2 ev/%03d.jpg
```

இதில் `scale` இல்லை என்பதைக் கவனியுங்கள். சுருக்கினால் எண் போய்விடும். அறுபது லோரிக்கு 3,000 படம். லோரியையும் பட்டையையும் தேட ஐந்து நிமிடம், எண் படிக்கப் பதினைந்து நிமிடம். இரண்டு சுற்றும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள்.

எடைச் சீட்டோடு ஒப்பிடுவது

இத்தனையும் என் வாசலின் கணக்கு. உங்கள் வாசலில் எண்கள் மாறும். அதற்கு ஒரு மணி நேரப் பதிவை எடுத்துக்கொண்டு, கையால் எண்ணிய உண்மைக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். எங்களிடம் தராசு மேடையின் எடைச் சீட்டுகள் இருந்ததால் எண்ணும் வேலை மிச்சம்.

எந்த மணி நேரம் என்பது முக்கியம். வெறிச்சோடிக் கிடக்கும் காலை ஏழு மணியை எடுத்தால் எல்லா அமைப்பும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். நான் எடுத்தது பிற்பகல் 2 முதல் 3 வரை. காலையில் வெட்டிய குலைகளோடு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் நேரம். சீட்டின்படி 14 லோரி.

நெருக்கத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைத்தேன். விநாடிக்கு 25, 5, 2 பிரேம் என மூன்றிலும் 14 வந்தது. ஒன்றுக்கு இறக்கியதும் 13. மூன்று விநாடிக்கு ஒன்று என்றபோது 9. மேலே போட்ட கணக்கு சொன்னதும் அவ்வளவுதான்.

அந்த 13 எப்படி வந்தது என்பதைத் தேடிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. எந்த லோரியும் தெரியாமல் போகவில்லை. இரண்டு லோரி ஒட்டி ஒட்டி வந்திருக்கின்றன. ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் லோரி நான்கு மீட்டர் நகர்ந்துவிடுகிறது. முன்னது நின்ற இடத்தில் பின்னது வந்து நிற்கிறது. மென்பொருள், லோரியைச் சுற்றித் தான் வரையும் பெட்டிகள் அடுத்தடுத்த பிரேம்களில் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பார்த்துத்தான் "இது அதே லோரி" என்று முடிவு செய்கிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. விநாடிக்கு ஐந்து என்றால் நகர்வு ஒரு மீட்டருக்கும் குறைவு, குழப்பம் வராது.

இதனால் நான் முதல் சுற்றின் அளவைக் கூட்டவில்லை. முதல் சுற்றில் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். அதன் வேலை நேரத்தைக் காட்டுவது மட்டும். எண்ணுவது இரண்டாவது சுற்றின் ஐந்து பிரேம் துண்டில். முதன்மைப் பிரேம் முறைக்குத் துணிந்து மாற முடிந்ததும் இதனால்தான்.

ஒப்பிடும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு லோரியைத் தவறவிட்டு, இன்னொன்றை இரண்டு முறை எண்ணினாலும் மொத்தம் சரியாக வரும். எங்கள் கிராணி ஒவ்வொரு சீட்டையும் பட்டியலில் வரிக்கு வரி டிக் அடிக்கச் சொன்னார். "மொத்தம் சரி என்றால் கணக்கு சரி என்று ஆகாது, தம்பி" என்றார். ஐம்பது வருடமாகச் சம்பளப் பட்டியல் எழுதியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் டிக் அடித்ததில், வாசலில் நின்று ஓட்டுநர் கங்காணியிடம் பேசிக்கொண்டிருந்த லோரி ஒன்று இரண்டு முறை எண்ணப்பட்டது தெரிந்தது. குறுக்கே ஆள் நடந்ததில் தொடர்ச்சி அறுந்திருந்தது. ஒரே எண் பத்து நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் ஒன்றாகக் கொள் என்று ஒரு வரி சேர்த்ததும் அது தீர்ந்தது.

மூலப் பதிவை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். பிரித்தெடுத்த சிறு படங்களை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கலாம். சுருக்கியதிலிருந்து மூலத்தை உண்டாக்க முடியாது. எடைத் தகராறு வந்தால் கேட்கப்படுவது மூலம்தான். நாங்கள் ஒரு மாதம் வைத்திருக்கிறோம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எண் படிக்கும் விகிதம் திடீரென்று சரிந்தது. ஷட்டரைப் பார்த்தேன், ஓடையைப் பார்த்தேன், மாடலை மறுபடி நிறுவினேன். கடைசியில் ஒரு படத்தை நிறுத்தி எழுத்தின் உயரத்தை எண்ணினால் 16 பிக்சல். கம்பத்தில் மைனா கூடு கட்டியிருக்கிறது என்று கூட்டுகிற ஆள் கேமராவைச் சற்று மேலே திருப்பி வைத்திருக்கிறார். குஞ்சுகள் பறக்கும்வரை கேமராவைத் தொடக் கூடாது என்று தவுக்கே சொல்லிவிட்டதால், மூன்று வாரம் எண்ணைக் கையால் எழுதினோம். இப்போது திங்கட்கிழமை காலையில் முதல் லோரி வந்ததும் ஒரு படத்தை நிறுத்தி, எழுத்து இன்னும் 22 பிக்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாரத்தின் வேலையைத் தொடங்குகிறேன்.